ஏதென்ஸ் மக்களவையும் இன்றைய நாடாளுமன்றமும்

நேரடி மக்களாட்சியையும் பிரதிநிதித்துவ மக்களாட்சியையும் ஒப்பிடச் சொல்லும் வினாவுக்கு, மேல்நிலை மாணவர்கள் பலரும் மக்கள்தொகையைக் காரணம் காட்டி விடை எழுதுகிறார்கள். நகரம் சிறியது, குடிமக்களே கூடினார்கள். நாடு பெரியது, பிரதிநிதிகள் கூடுகிறார்கள். இது சரிதான். ஆனால் தவறான முடிவு எடுக்கப்பட்டால் அதைத் தடுப்பவர் யார் என்று கேட்டால்தான் வேறுபாட்டின் ஆழம் புரியும்.

லெஸ்போஸ் தீவிலுள்ள மிட்டிலீன் நகரம் ஏதென்ஸுக்கு எதிராகக் கிளர்ந்து, கி.மு. 427இல் பணிந்தது. கோபத்தில் இருந்த ஏதென்ஸ் மக்களவை, அந்நகரின் ஆண்கள் அனைவரையும் கொல்லவும் பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கவும் முடிவு செய்தது. உத்தரவுடன் கப்பலும் உடனே கிளம்பிவிட்டது. மறுநாள் பலருக்கு மனம் உறுத்த, அவை மீண்டும் கூடியது. முடிவை மாற்றக் கூடாது என்றார் கிளியோன். இந்தப் படுகொலையால் ஏதென்ஸுக்கே நன்மையில்லை என்றார் டயோடோட்டஸ். கைதூக்கி வாக்களித்தபோது இரு தரப்பும் ஏறக்குறைய சமமாக இருந்தன. மயிரிழையில் டயோடோட்டஸ் வென்றார். இரண்டாவது கப்பலின் துடுப்புக்காரர்கள் துடுப்பு வலித்தபடியே உண்டு, முறைவைத்து உறங்கி விரைந்தார்கள். முதல் உத்தரவு நிறைவேற இருந்த வேளையில் கப்பல் போய்ச் சேர்ந்தது. கிளர்ச்சியை நடத்தியவர்கள் கொல்லப்பட்டாலும் நகரத்து மக்கள் தப்பினார்கள்.

அவையின் நிகழ்ச்சி நிரலை 500 பேர் கொண்ட குழு தயாரித்தது. ஆனால் அவையின் முடிவை நிறுத்தி வைக்கும் மேலவையோ குடியரசுத் தலைவரோ அன்று இல்லை. இந்தியாவில் ஒரு மசோதா இரு அவைகளிலும் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றால்தான் சட்டமாகும். அதன் பிறகும் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கலாம். ஒரே நாள் கோபம் சட்டமாவது இங்கே கடினம். அதே சமயம், மனம் மாறிய ஏதென்ஸ் குடிமகன் மறுநாளே கைதூக்க முடிந்தது. இந்திய வாக்காளரோ நாடாளுமன்ற உறுப்பினரைத் திரும்ப அழைக்க முடியாது. அடுத்த தேர்தல்வரை காத்திருக்க வேண்டும்.

யார் குடிமக்கள் என்பது அடுத்த கேள்வி. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் அவையில் இடமில்லை. கி.மு. 451இல் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டத்தின்படி பெற்றோர் இருவரும் ஏதென்ஸைச் சேர்ந்தவர்களாக இருந்தால்தான் குடியுரிமை கிடைத்தது. இந்தியாவில் 18 வயது நிரம்பிய குடிமக்கள் ஆணானாலும் பெண்ணானாலும் வாக்களிக்கலாம். இந்த வகையில் இன்றைய மக்களாட்சியே விரிந்தது.

பதவிக்கு ஆள் எடுக்கும் முறையில் நிலைமை வேறு. அந்த 500 பேரும் குலுக்கலில் தேர்வானவர்கள். ஒருவர் வாழ்நாளில் இருமுறைக்கு மேல் அந்தக் குழுவில் இருக்க முடியாது. ஆகவே எளிய குடிமகனுக்கும் ஆளும் வாய்ப்பு வந்தது. குலுக்கல் மக்களாட்சிக்குரியது, தேர்தல் சிலராட்சிக்குரியது என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. அந்த அளவுகோலில் இன்றைய தேர்தல்கள் சிலராட்சியின் பக்கமே சாயும். ஆனால் திறமை கட்டாயம் தேவைப்பட்ட படைத்தளபதி பதவிக்கு ஏதென்ஸும் தேர்தலையே நாடியது. பெரிக்ளிஸ் ஆண்டுதோறும் செல்வாக்கோடு விளங்கியது அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட தளபதியாகத்தான்.