140 துண்டுகள், மறுபடி ஒன்றாக

ஒரு இணையதளத்தில் நீங்கள் பொருள் வாங்கினால், அந்தச் செய்தி பல இடங்களுக்குப் போகிறது. கூகுள் அனலிடிக்ஸுக்கு ஒன்று, விளம்பரக் கணக்குக்கு ஒன்று, மின்னஞ்சல் அனுப்பும் சேவைக்கு ஒன்று. அமெரிக்காவின் செக்மென்ட் நிறுவனம் செய்துவந்த வேலை இதுதான்: செய்தியை ஒரு முறை வாங்கிக்கொண்டு, வாடிக்கையாளர் கேட்ட எல்லா இடங்களுக்கும் அதை அனுப்பிவைப்பது. இதை ஒரே மென்பொருளாகத் தொடங்கி, பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பிரித்து, கடைசியில் மீண்டும் ஒன்றாக்கினார்கள். ஏன் அப்படிச் செய்தோம் என்று 2018இல் வெளிப்படையாக எழுதியும் வைத்தார்கள். மென்பொருளை எங்கே பிரிக்கலாம், எங்கே பிரிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் பார்த்ததில்லை.

தொடக்கத்தில் இருந்த ஏற்பாடு ‘மோனோலித்’. எல்லா வேலையும் ஒரே நிரலில்; மாற்றம் செய்தால் முழுவதையும் சேர்த்தே சர்வரில் ஏற்ற வேண்டும். வந்த செய்திகள் ஒரே வரிசையில் காத்திருந்து, ஒவ்வொன்றாகச் சேருமிடத்துக்குப் போயின. ஒரு சேருமிடம் பதில் சொல்லாவிட்டால், அந்தச் செய்தியைச் சற்று நேரம் கழித்து மறுபடி அனுப்ப வேண்டும். அதுவும் அதே வரிசையில்தான் போய் நின்றது. ஒரு சேருமிடம் படுத்துவிட்டால் அதற்கான மறுமுயற்சிகள் வரிசையை அடைத்துக்கொண்டன. நன்றாக இயங்கும் மற்ற இடங்களுக்கான செய்திகளும் பின்னால் தேங்கின. தபால் நிலையத்தில் ஒரே கவுன்ட்டர் இருந்து, முன்னால் நிற்பவரின் மணியார்டரில் சிக்கல் வந்தால், ஸ்டாம்ப் வாங்க வந்தவரும் காத்திருக்க வேண்டுமே, அந்த நிலைமை.

எனவே ஒவ்வொரு சேருமிடத்துக்கும் தனி வரிசையும், அதைக் கவனிக்கத் தனிச் சேவையும் அமைத்தார்கள். இப்படிச் சின்னச் சின்னச் சேவைகள் தனித்தனியாக இயங்கி, நெட்வொர்க் வழியே பேசிக்கொள்ளும் முறைதான் ‘மைக்ரோசர்வீஸ்’. தேக்கம் தீர்ந்தது. இந்த முடிவில் தவறே இல்லை. நோயைப் பார்த்துக் கொடுத்த மருந்து.

அடுத்த படியில்தான் வினை வந்தது. எல்லாச் சேவைகளின் நிரலும் அப்போது ஒரே களஞ்சியத்தில் இருந்தது. ஒரு சேருமிடத்துக்கான சோதனை தோற்றால், சம்பந்தமே இல்லாத இன்னொன்றில் செய்த மாற்றத்தையும் வெளியிட முடியாமல் நின்றது. பொறியாளர்கள் சலித்துப்போய், ஒவ்வொன்றின் நிரலையும் தனிக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோனார்கள். மாதத்துக்கு மூன்று என்ற கணக்கில் புதிய சேருமிடங்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. எண்ணிக்கை 140ஐத் தாண்டியது.

இத்தனைக்கும் அந்தச் சேவைகள் செய்த வேலை ஏறக்குறைய ஒன்றுதான். பயனரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாடிக்கையாளர் `name` என்று அனுப்புவார், இன்னொருவர் `firstName`, `lastName` என்று இரண்டாக அனுப்புவார். இதையெல்லாம் பார்த்து முழுப்பெயரை எடுத்துத் தரும் நிரலை 140 இடத்தில் எழுத முடியாது என்பதால், எல்லோருக்கும் பொதுவான நூலகமாக வைத்தார்கள். அந்த நூலகத்தில் ஒரு வரியை மாற்றினால், அத்தனை சேவைகளையும் சோதித்து அத்தனையையும் வெளியிட வேண்டும். யாருக்கு நேரம் இருக்கும்? தன் கையில் இருக்கும் ஒரு சேவைக்கு மட்டும் புதிய பதிப்பைப் போட்டுவிட்டு மற்றதை விட்டுவிடுவதுதான் நடந்தது. நாளடைவில் ஒவ்வொரு சேவையும் நூலகத்தின் ஒவ்வொரு பதிப்பில் நின்றது. எதில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பார்ப்பதே ஒரு வேலையாகிவிட்டது.

சுமையும் ஒரே மாதிரி இல்லை. சில சேவைகளுக்கு ஒரு நாளில் விரல்விட்டு எண்ணக்கூடிய செய்திகள்தான் வந்தன; வேறு சிலவற்றுக்கு நொடிக்கு ஆயிரக்கணக்கில். குறைவாக வரும் ஒன்றுக்குத் திடீரென்று கூட்டம் வந்தால், பணியில் இருப்பவர் தலையிட்டுச் சர்வர்களைக் கூட்ட வேண்டியிருந்தது. மூன்று முழுநேரப் பொறியாளர்களின் பெரும்பகுதி நேரம் இதை உயிரோடு வைத்திருப்பதிலேயே கரைந்தது.

திரும்பி வந்த வழி நிதானமானது. 140க்கும் மேற்பட்ட நிரல்களை மீண்டும் ஒரே களஞ்சியத்தில் வைத்து, ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரே பதிப்பு என்று முடிவெடுத்தார்கள். தனித்தனி வரிசைகளுக்குப் பதிலாக, ஒன்றின் தடங்கல் மற்றதைத் தொடாதபடி செய்திகளைப் பிரித்துக் கையாளும் ‘சென்ட்ரிஃப்யூஜ்’ என்ற அமைப்பைக் கட்டினார்கள். பழைய சோதனைகள் வெளி நிறுவனங்களின் சர்வரை உண்மையாகவே அழைத்துப் பார்த்தன. அந்தச் சர்வர் தடுமாறினால் இங்கே சோதனை தோற்றது. அந்தப் பதில்களை ஒரு முறை பதிவுசெய்து கோப்பில் வைத்து, பிறகு கோப்பிலிருந்தே சோதித்தார்கள். முன்பு ஒன்றுக்கே சில நிமிடங்கள் ஆன சோதனை, எல்லாவற்றுக்கும் சேர்த்து மில்லிசெகண்டுகளில் முடிந்தது.

என் கண்ணில் பட்டது இது: களஞ்சியத்தைப் பிரிக்கத் தூண்டியது தோற்றுப்போகும் சோதனைகள். சோதனையை அன்றே சரிசெய்திருந்தால் அந்தப் பிரிவினைக்கே தேவை இருந்திருக்காது. பிரிக்க வேண்டியிருந்தது வரிசையை மட்டும்தான்.

இழப்பும் உண்டு, அதையும் அவர்கள் மறைக்கவில்லை. இப்போது ஒரு சேருமிடத்துக்கான நிரலில் பிழை வந்து சேவை விழுந்தால், எல்லாம் சேர்ந்து விழும். தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள்.

செக்மென்ட்டின் சேவைகள் ஒன்றோடொன்று அதிகம் பேசவில்லை. பேச வேண்டிய இடத்தில் பிரித்தால் பாடு இன்னும் அதிகம். ஒரு கடைச் செயலியில் ஆர்டரைப் பதிவது, கையிருப்பைக் குறைப்பது என்று இரண்டு வேலைகள். ஒரே நிரல், ஒரே டேட்டாபேஸ் என்றால் இது போதும்:

```sql
BEGIN;
INSERT INTO orders (item_id, qty) VALUES (42, 1);
UPDATE stock SET qty = qty - 1 WHERE item_id = 42;
COMMIT;
```

நடுவில் மின்சாரம் போனாலும் இரண்டும் நடக்கும், அல்லது இரண்டும் நடக்காது; அதை டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும். இரண்டையும் தனிச் சேவைகளாக்கித் தனி டேட்டாபேஸ் கொடுத்தால் அந்தக் காவல் போய்விடும். ஆர்டர் சேவை நெட்வொர்க் வழியே கையிருப்புச் சேவையைக் கூப்பிடுகிறது, பதில் வரவில்லை. கையிருப்பு குறைந்த பிறகு பதில் மட்டும் தொலைந்ததா, கோரிக்கையே போய்ச் சேரவில்லையா? தெரியாது. மறுபடி கூப்பிட்டால் இரண்டு முறை குறையலாம். அதைத் தடுக்க ஒவ்வொரு கோரிக்கைக்கும் அடையாள எண் கொடுத்து, வந்த எண் மீண்டும் வந்தால் ஒதுக்க வேண்டும். ஆர்டர் ரத்தானால் குறைத்த கையிருப்பைத் திருப்பித் தரும் நிரலும் தனியாக எழுத வேண்டும். நான்கு வரியில் முடிந்த காரியம் இப்படி வளர்கிறது.

தவறான இடத்தில் பிரித்திருக்கிறோமா என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. சின்ன மாற்றத்துக்கும் மூன்று சேவைகளை ஒரே நேரத்தில் வெளியிட வேண்டியிருந்தால், அவை பெயருக்குத்தான் மூன்று. சேவைகளின் எண்ணிக்கை டீமில் இருக்கும் ஆட்களைவிட அதிகமாக இருந்தாலும் யோசிக்க வேண்டும்.

பிரிப்பதற்கு நியாயமான காரணங்களும் இருக்கின்றன. படங்களைச் சிறிதாக்கும் பகுதிக்கு மட்டும் பெரிய சர்வர்கள் வேண்டும் என்றால் அதைத் தனியே ஓடவிடலாம். தனித்தனி டீம்கள் ஒருவருக்காக ஒருவர் காத்திராமல் வெளியிட வேண்டும் என்றாலும் பிரிக்கலாம். அப்போதும் முதல் வேலை நிரலுக்குள்ளேயே எல்லை போடுவது: கையிருப்புப் பகுதியின் அட்டவணையை ஆர்டர் பகுதி நேராகத் தொடக் கூடாது, அது தரும் ஃபங்ஷன் வழியாகத்தான் கேட்க வேண்டும். சில மாதம் அப்படி ஓட்டிப் பார்த்தால் எல்லை சரியான இடத்தில் விழுந்ததா என்று தெரிந்துவிடும். தவறாக விழுந்திருந்தால், ஒரே நிரலுக்குள் அதை நகர்த்துவது பெரும்பாலும் ஒரு பிற்பகல் வேலைதான்.