நித்யகல்யாணியை வெட்டலாம், காசித்தும்பையை வெட்டலாமா?

வாங்கி வைத்த புதிதில் தொட்டி முழுக்கப் பூத்த நித்யகல்யாணி, ஓரிரு ஆண்டுகளில் ஆளே மாறிப்போகும். தண்டுகள் நீண்டு, அடியில் இலை உதிர்ந்து மொட்டையாகி, நுனியில் மட்டும் நாலு இலையும் இரண்டு பூவும் நிற்கும். பக்கத்துத் தொட்டியில் இருக்கும் காசித்தும்பையும், அதாவது பால்சமும், சில மாதங்களிலேயே அதே கோலத்துக்கு வந்துவிடும். இரண்டுக்கும் பலர் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "வெட்டி விடுங்க, துளிர்க்கும்." இது நித்யகல்யாணிக்குச் சரி. காசித்தும்பைக்குப் பொருந்தாது.

நித்யகல்யாணி மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த பல்லாண்டுச் செடி. உறைபனி இல்லாத நம் ஊரில் அது ஆண்டுக்கணக்கில் வாழும். அடித்தண்டு மெல்ல மரத்தன்மை பெறும். காசித்தும்பையோ ஒரு பருவச் செடி. முளைத்து, பூத்து, விதை வைத்ததும் அதன் ஆயுள் முடிந்தது. தண்ணீர் நிறைந்த அதன் சதைத்தண்டில், முதுமையில் மீண்டு எழுவதற்கான வலு இருக்காது.

ஏன் நெடுநெடுவென்று போகிறது?

நித்யகல்யாணியின் பூக்கள் வளரும் நுனிப்பகுதியில், இலைக்கக்கத்தில்தான் வருகின்றன. ஆகவே நுனி மேலே போகப் போகப் பூவும் மேலே போகிறது. வளரும் நுனியில் உருவாகும் ஆக்ஸின் என்ற வளர்ச்சிப் பொருள் தண்டின் வழியே கீழிறங்கி, அடிக்கணுக்களில் உள்ள மொட்டுகளை உறங்க வைக்கிறது. அதனால் பக்கக் கிளைகள் குறைகின்றன. கிளை குறைந்தால் நுனி குறைவு. நுனி குறைந்தால் பூவும் குறைவு. நுனியை வெட்டி எடுத்தால் அந்தத் தடை நீங்கி, வெட்டுக்குக் கீழே உள்ள கணுக்கள் விழித்துக்கொள்ளும். ஒரு தண்டு இருந்த இடத்தில் இரண்டு மூன்று தளிர்கள் வரும்.

கத்தரியை எடுக்கும் முன் செடியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். நுனியில் இலைகள் நெருக்கமாகவும் அடியில் மட்டும் மொட்டையாகவும் இருந்தால் அது வயதின் விளைவு, வெட்டினால் சரியாகும். நுனியிலும் இலைக்கு இலை இடைவெளி அதிகமாகி, தண்டு மெலிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் வெயில் போதவில்லை. அந்தத் தொட்டியைத் தினமும் ஐந்தாறு மணி நேரம் நேரடி வெயில் படும் இடத்துக்கு மாற்றாமல் வெட்டினால், புதுத்தளிரும் அதேபோல நீண்டுதான் போகும். இலை கரும்பச்சையாகச் செழித்துப் பூ மட்டும் குறைந்திருந்தால், தழைச்சத்து மிகுந்த உரத்தை அடிக்கடி போட்டிருப்பீர்கள். அதை நிறுத்தினாலே பெரும்பாலும் போதும்.

இலைகள் சிறுத்துக் கொத்தாகி, பூக்களும் பச்சை நிறத்தில் இலைபோல வந்தால் அது நோய். பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் இதற்குக் காரணம். தத்துப்பூச்சிகள் அதைச் செடிக்குச் செடி பரப்புகின்றன. கவாத்தால் இது தீராது. செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். அதிலிருந்து குச்சி எடுத்து நடவும் கூடாது.

ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம்

மொட்டை மாடியில் பத்து அங்குலத் தொட்டி. இரண்டு வயது நித்யகல்யாணி, இரண்டரை அடி உயரம், ஐந்து தண்டுகள். இலைகள் மேல் ஒரு சாண் அளவில் மட்டும் இருக்கின்றன. இதை ஒரே நாளில் அரை அடிக்கு வெட்டினால் இலையே இல்லாத ஐந்து குச்சிகள்தான் மிஞ்சும். இலை இல்லாமல் செடி உணவு தயாரிக்க முடியாது. மரத்துப்போன பழைய தண்டில் மொட்டு விழிக்கும் என்ற உறுதியும் இல்லை.

ஆகவே இரண்டு தவணையாக வெட்டுவது நல்லது. முதலில் ஐந்தில் மூன்று தண்டுகளை மட்டும் ஒரு அடி உயரத்துக்குக் குறைக்கவும். வெட்டும் இடத்தில் தண்டின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் அங்கே உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் பச்சை தெரியும் இடம் வரை கீழே இறங்கி, ஒரு கணுவுக்குக் கால் அங்குலம் மேலே வெட்டவும். மற்ற இரண்டு தண்டுகளும் இலையோடு நின்று செடிக்கு உணவு ஊட்டும். வெட்டிய தண்டுகளில் இரண்டு மூன்று வாரத்தில் தளிர் தெரியும். அதன்பின் மீதி இரண்டையும் வெட்டலாம். அடிவரை இலை உள்ள இளஞ்செடி என்றால் இந்தத் தவணை தேவையில்லை. மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஒரே தடவையில் குறைக்கலாம்.

வெட்டியபின் பலர் செய்யும் தவறு, பரிதாபப்பட்டுத் தண்ணீரை ஊற்றுவது. இலை குறைந்த செடி குறைவாகத்தான் நீர் உறிஞ்சும். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்தபிறகே தண்ணீர் விடுங்கள். ஈரம் தேங்கினால் வேரும் அடித்தண்டும் அழுகும்; இந்தச் செடி தொட்டியில் சாவதற்கு முக்கியமான காரணம் அதுதான். உரமும் உடனே வேண்டாம். தளிர் இரண்டு அங்குலம் வந்தபின், இறுகிய மேல்மண்ணை ஓர் அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த அளவுக்கு மண்புழு உரமும் மணலும் கலந்து நிரப்பவும். புதுத்தளிரில் மூன்று நான்கு ஜோடி இலை வந்ததும் நுனியை ஒருமுறை கிள்ளினால் செடி புதராகும். வெட்டியதிலிருந்து பூ நிறைய ஒன்றரை முதல் இரண்டு மாதம் ஆகும்.

மாசி, பங்குனியும், கடும் வெயில் தணிந்த ஆடியும் இதற்கு ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெட்டாதீர்கள். ஈரத்தில் வெட்டுக்காயம் எளிதில் அழுகும். செடியில் வடியும் பால் நச்சுத்தன்மை உள்ளது. கையுறை போட்டுக்கொண்டு வெட்டி, பிறகு கையைக் கழுவுங்கள். வெட்டிய துண்டுகளைக் குழந்தைகளோ ஆடு மாடுகளோ எடுத்துத் தின்னும்படி போடக் கூடாது.

காசித்தும்பைக்கு வழி வேறு

காசித்தும்பையில் பூக்கள் நடுத்தண்டை ஒட்டி, இலைக்கக்கம்தோறும் கீழிருந்து மேலாக வருகின்றன. காய் பிடித்து, அடி இலை மஞ்சளாகி, இலைமேல் வெண்பொடி படிந்த செடியைப் பாதியாக வெட்டினால் பெரும்பாலும் தண்டு அழுகிச் சாகும். துளிர்த்தாலும் சில சிறு பூக்களோடு நின்றுவிடும்.

இதில் கிள்ளுவதற்கு ஏற்ற காலம் இளமைதான். செடி நான்கைந்து அங்குலம் வளர்ந்து, மொட்டு வைக்கும் முன் நுனியை ஒருமுறை கிள்ளினால் பக்கக் கிளை வரும். பூக்கும் காலத்தில் இளங்காய்களை அவ்வப்போது பறித்துவிட்டால் செடியின் சத்து விதைக்குப் போகாமல் பூவுக்குப் போகும். பூக்காலம் சில வாரம் நீளும். அதற்குமேல் அதை நீட்டிக்க முடியாது.

ஆகவே காசித்தும்பைத் தொட்டியைப் புதுப்பிப்பது என்றால் மறுபடி விதைப்பதுதான். கடைசியில் இரண்டு மூன்று காய்களைச் செடியிலேயே முற்ற விடுங்கள். வெளிறி உப்பிய காயைத் தொட்டாலே வெடித்து விதை சிதறும். அதனால் மெல்லிய துணிப்பையைக் காயின்மேல் கட்டி வைத்துச் சேகரிக்கலாம். விதை ஒரு வாரத்தில் முளைக்கும். இரண்டு இரண்டரை மாதத்தில் பூக்கும். முதல் தொட்டி பூக்கத் தொடங்கும்போதே அடுத்த தொட்டியில் விதைத்துவிட்டால், ஒன்று ஓயும்போது மற்றது பூக்கத் தயாராக இருக்கும். பழைய தொட்டி மண்ணைக் கொட்டி, வேரைப் பொறுக்கி எடுத்து, சில நாள் வெயிலில் காயவைத்து, மூன்றில் ஒரு பங்கு மக்கிய எரு கலந்தபின் மறுபடி பயன்படுத்துங்கள்.

பூ குறைந்த தொட்டியின் முன் நிற்கும்போது, அது எந்தச் செடி என்பதை முதலில் பாருங்கள். நித்யகல்யாணி என்றால் இலையையும் பச்சைத் தண்டையும் விட்டுவைத்து வெட்டுங்கள். காசித்தும்பை என்றால் விதையை எடுத்துக்கொண்டு செடியை எருக்குழிக்கு அனுப்புங்கள்.