ஒரு ஆம்பியரா, இரண்டு ஆம்பியரா?

மேசைக் கணினியின் மின்வழங்கிக்குள் போகும் மின்னோட்டத்தை ஆசிலோஸ்கோப் திரையில் பார்த்தால் பாடப்புத்தகத்தின் அழகிய சைன் அலை தெரியாது. பெரும்பாலான நேரம் கோடு சுழியிலேயே படுத்துக் கிடக்கும். மின்னழுத்தம் உச்சத்தை நெருங்கும்போது மட்டும் சட்டென்று ஒரு கூம்பு எழுந்து அடங்கும். உள்ளே இருக்கும் டயோடுகளும் மின்தேக்கியுமே இதற்குக் காரணம். வெளியிலிருந்து வரும் மின்னழுத்தம் மின்தேக்கியில் ஏற்கெனவே இருப்பதைத் தாண்டும்போதுதான் டயோடு வழிவிடுகிறது. காத்திருந்த மின்தேக்கி அந்தச் சில மில்லிநொடிகளில் தனக்கு வேண்டியதை அள்ளிக்கொள்கிறது. அலைவடிவத்தைச் சீராக்கும் சுற்று இல்லாத மின்வழங்கிகள் எல்லாம் இப்படித்தான்.

இந்த மின்னோட்டம் எத்தனை ஆம்பியர்? உச்ச மதிப்பை 1.414-ஆல் வகுக்கும் பழகிய வழி சைன் அலைக்கு மட்டுமே பொருந்தும். இங்கே சூத்திரம் கிடையாது. கையில் இருப்பது வடிவம் மட்டும். அதனால் அதை வரைபடத்தாளில் வரைந்து அளக்க வேண்டும்.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு முழுச்சுற்றுக்கு 20 மில்லிநொடி, அரைச்சுற்றுக்கு 10. கிடையில் 1 செ.மீ. ஒரு மில்லிநொடி, செங்குத்தில் 1 செ.மீ. ஒரு ஆம்பியர் என்று அளவு வைத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டாக, மின்னோட்டம் 3-ஆவது மில்லிநொடியில் தொடங்கி, 4.5-இல் 5 ஆம்பியர் உச்சத்தைத் தொட்டு, 6-இல் அடங்குவதாகக் கொள்வோம். எதிர் அரைச்சுற்று இதே வடிவத்தில் கோட்டுக்குக் கீழே இருக்கும். முழுச்சுற்றுக்கும் சராசரி எடுத்தால் மேலும் கீழும் கழிந்து சுழிதான் மிஞ்சும். ஆகவே ஒரு அரைச்சுற்று போதும். மேல்பாதியும் கீழ்பாதியும் ஒத்துப்போகாத அலையாக இருந்தால் இந்தக் குறுக்குவழி செல்லாது.

அரைச்சுற்றைப் பத்துப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் வளைவின் உயரத்தைப் படிக்க வேண்டும். பட்டையின் ஓரத்தில் படிப்பது பலர் செய்யும் பிழை. ஏறும் வளைவில் ஒரே ஓரத்தை எடுத்துக்கொண்டே போனால் உண்மை உயரம் தவறிவிடும். நம் வளைவில் 4, 5, 6-ஆம் பட்டைகளில் முறையே 2, 5, 3 ஆம்பியர் கிடைக்கிறது. மற்ற ஏழும் சுழி. கூட்டுத்தொகை 10, பத்தால் வகுத்தால் சராசரி 1 ஆம்பியர். சுழியான பட்டைகளையும் எண்ணிக்கையில் சேர்த்தே ஆக வேண்டும். மூன்றால் வகுத்தால் விடை முற்றிலும் தவறு.

கம்பியைச் சூடாக்குவது சராசரி அல்ல. வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 5 ஆம்பியர் ஓடும் கணத்தில் எழும் வெப்பம், 1 ஆம்பியரில் எழுவதைப் போல 25 மடங்கு. எனவே முதலில் ஒவ்வொரு உயரத்தையும் வர்க்கமாக்க வேண்டும்: 4, 25, 9. கூட்டினால் 38, பத்துப் பட்டைகளுக்குச் சராசரி 3.8. அதன் வர்க்கமூலம் 1.95 ஆம்பியர். இதுதான் ஆர்.எம்.எஸ். மதிப்பு, இதே அளவு நேர்மின்னோட்டம் அந்தக் கம்பியில் ஓடினாலும் இதே வெப்பம்தான் எழும். வரிசை மாறக் கூடாது. சராசரியை எடுத்துவிட்டு அதை வர்க்கமாக்கினால் மறுபடி 1 தான் வரும், கூம்பின் உயரம் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும்.

மூன்றே பட்டைகளில் அடங்கும் கூம்புக்கு இந்த அளவு நுணுக்கம் போதுமா என்ற ஐயம் நியாயமானது. பட்டையின் அகலத்தை அரை மில்லிநொடியாக்கிப் பார்க்கலாம். இப்போது கூம்புக்குள் ஆறு உயரங்கள்: 0.9, 3.3, 4.9, 4.8, 3.7, 1.7. இருபதால் வகுத்தால் சராசரி 0.97, ஆர்.எம்.எஸ். 1.94. பெரிய மாற்றம் இல்லை, ஆகவே விடையை நம்பலாம். சராசரியைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு: வளைவுக்குக் கீழே உள்ள சின்னக் கட்டங்களை எண்ணினால் சுமார் 965 வரும். நூறு கட்டம் ஒரு ஆம்பியர்-மில்லிநொடி என்பதால், 9.65-ஐ 10 மில்லிநொடியால் வகுத்தால் அதே 0.97. ஆர்.எம்.எஸ்.-ஐ இப்படி நேரடியாக எண்ண முடியாது. உயரங்களின் வர்க்கத்தைத் தனி வளைவாக வரைந்துதான் அதன் பரப்பை எண்ண வேண்டும்.

இந்த இரு எண்களின் விகிதம்தான் வடிவக் காரணி. சைன் அலைக்கு அது 1.11, நம் கூம்புக்கோ ஏறக்குறைய 2. விலை குறைந்த மீட்டர்கள் பல, உள்ளே சராசரியை அளந்து, சைன் அலை என்றே எண்ணி 1.11-ஆல் பெருக்கிக் காட்டுகின்றன. நம் மின்னோட்டத்துக்கு அப்படிப்பட்ட மீட்டர் சுமார் 1.1 ஆம்பியர் காட்டும். கம்பியோ 1.94 ஆம்பியருக்கு உரிய வெப்பத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். மீட்டர் எண்ணை நம்பிப் போட்ட கணக்கைப் போல மூன்று மடங்கு. சுமை அதிகமில்லை என்று மீட்டர் சொன்னபோதும் ஃபியூஸ் போவதும், கணினிகள் நிறைந்த அறையில் வயர்கள் சூடாவதும் இதனால் நேரக்கூடும்.

கணினி, சார்ஜர், எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றின் மின்னோட்டத்தை அளக்க மீட்டர் வாங்குவோர், அதன் முகப்பில் ‘ட்ரூ ஆர்.எம்.எஸ்.’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.