வசனமே இல்லாத வாய்ஸ்

2009 ஐபிஎல் போட்டிகளுக்கு இடையே முட்டைத் தலையும் ஒல்லிக் கைகால்களுமாக ஓடித்திரிந்த வெள்ளை உருவங்கள் நினைவிருக்கிறதா? வோடபோனுக்காக ஓகில்வி நிறுவனம் உருவாக்கிய ஸூஸூக்கள். பலர் அனிமேஷன் என்றே நம்பினார்கள். உண்மையில் அது உடைக்குள் மனிதர்கள். தென்னாப்பிரிக்காவில் சுமார் 30 படங்கள் எடுக்கப்பட்டன.

அவை பேசியது எந்த மொழியிலும் சேராத உளறல். சென்னைக்காரரும் டெல்லிக்காரரும் ஒரே இடத்தில் சிரிக்க முடிந்தது அதனால்தான். பின்னணி எப்போதும் வெறும் சாம்பல் நிறம். படத்துக்கு ஒரே ஒரு சேவை, அதன் பெயர் கடைசியில்தான். திரும்பத் திரும்ப வந்த இந்த அமைப்பே பஞ்ச் வசனத்தின் வேலையைச் செய்தது.

இந்த வரம்புக்குள் எழுதுவது சுலபமல்ல. தொலைபேசி எண்களைப் பத்திரப்படுத்தும் சேவை என்று வைத்துக்கொள்வோம். 'ஐயோ, எல்லா நம்பரும் போச்சே!' என்று ஒருவர் புலம்பினால் அது வழக்கமான விளம்பரம். ஸூஸூவோ எண்களைச் சுவரெல்லாம் எழுதிவைக்கும். இன்னொன்று வந்து வெள்ளையடித்துவிடும். சிரிப்பு அதன் அப்பாவித்தனத்திலிருந்து பிறக்கிறது, சேவையும் புரிந்துவிடுகிறது.

எழுத்தாளருக்கு ஒரு சோதனை உண்டு. கதாபாத்திரத்தை எடுத்துவிட்டு வேறு யாரையாவது வைத்தாலும் நகைச்சுவை அப்படியே நின்றால், அந்த எபிசோடை ஒதுக்கிவிடலாம். தொடர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்: அவசரத்தில் எழுதிய ஜோக் ஒன்றுக்காக, அப்பாவி பாத்திரம் திடீரென்று கிண்டல்காரனாகிவிடும்.