கைவிட்டதையும் எழுதுங்கள்

தோசை, பால், வெறும் சோறு, ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் பிஸ்கட், தேன்குழல். ஆறு வயதுக் கதிர் ஒரு நாளில் சாப்பிடுவது இந்த ஐந்தைத்தான். (கதிர் தனி ஒரு குழந்தை அல்ல. ஆட்டிசம் உள்ள, சாப்பாட்டில் மிகக் குறுகிய வட்டத்துக்குள் இருக்கும் பல குழந்தைகளின் பட்டியல்களை ஒன்றாக்கி நான் வைத்த பெயர்.) எடை 20 கிலோ. வளர்ச்சி அட்டையில் அவன் வயதுக்குச் சரியான இடத்தில்தான் புள்ளி விழுகிறது. "வெயிட் நல்லாத்தானே இருக்கு, போகப் போகச் சாப்பிடுவான்" என்று பார்ப்பவர்கள் எல்லாம் சொல்லிவிட்டார்கள். அம்மாவும் நம்பியிருந்தார். புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் கதிர் மாடிப்படி ஏற மறுத்தான். இரண்டு நாளில் நடக்கவும் மறுத்தான். முழங்காலை மடக்கி, காலை அகட்டி வைத்தபடியே கிடந்தான். தொட்டால் அலறினான்.

என்ன வலிக்கிறது என்று சொல்ல அவனுக்குப் பேச்சு இல்லை. எலும்பில் கிருமித் தொற்றா, மூட்டு வீக்கமா, இரத்தப் புற்றுநோயா என்ற வழியில் பரிசோதனைகள் போகத் தொடங்கும் இடம் இதுதான். கடைசியில் விடை கிடைத்தது அம்மா நோட்டில் எழுதி வைத்திருந்த ஒரு பக்கத்தில். கதிருக்கு வந்திருந்தது ஸ்கர்வி. பழைய காலத்தில் மாதக்கணக்காகக் கப்பலில் போன மாலுமிகளுக்கு வந்த அதே வைட்டமின் சி பற்றாக்குறை. நடக்க மறுக்கும் ஆட்டிசக் குழந்தையிடம் இதைக் கண்டுபிடித்ததாக மருத்துவ இதழ்களில் பல நாடுகளிலிருந்து மீண்டும் மீண்டும் செய்தி வருகிறது. அவர்களில் பலருக்கு எடை குறைந்திருக்கவில்லை. எடை என்பது மாவுச்சத்தும் கொழுப்பும் போதுமா என்பதைத்தான் சொல்லும். வைட்டமின் சி பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

அந்த நோட்டுப் பக்கத்தை எப்படி எழுதுவது என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

பக்கத்தில் மூன்று பத்திகள் வேண்டும். முதல் பத்தியில், இப்போது தயங்காமல் சாப்பிடுபவை. இரண்டாவதில், சில நாள் சாப்பிட்டு, சில நாள் தள்ளிவிடுபவை. மூன்றாவதில், முன்பு சாப்பிட்டு இப்போது நிறுத்திவிட்டவை, நிறுத்திய மாதத்தோடு. பெரும்பாலான பெற்றோர் முதல் பத்தியோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு மூன்றாவது பத்திதான் முக்கியம். சாதாரணமாக அடம்பிடிக்கும் குழந்தை ஒரு உணவில் சலித்துப்போய் விட்டாலும் சில வாரத்தில் அதற்குத் திரும்பிவிடும். ஆட்டிசக் குழந்தைகளில் பலருக்கு, விட்டது விட்டதுதான். பட்டியல் ஒவ்வொன்றாகத் தேய்ந்துகொண்டே போகும். உணவுப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்கள், மொத்த உணவு 20-க்குக் கீழே போனால் அதை வெறும் அடமாகப் பார்க்கக் கூடாது என்பதை ஒரு கைக்கணக்காக வைத்திருக்கிறார்கள்.

கதிரின் மூன்றாவது பத்தி இப்படி இருந்தது. 'முட்டை, நாலு வயசில். வாழைப்பழம், போன வருஷம், கறுப்புப் புள்ளி பார்த்த பிறகு. சாத்துக்குடி ஜூஸ், மார்ச், சக்கை வாயில் பட்டது. உருளைக்கிழங்கு சிப்ஸ், ஜூன், நாங்களே நிறுத்தினோம்.'

சிப்ஸை நிறுத்தியதற்கு வீட்டில் நல்ல காரணம் இருந்தது. பாக்கெட் தீனி, உப்பு, எண்ணெய் என்று யாரும் சொல்வார்கள்தான். ஆனால் உருளைக்கிழங்கில் வைட்டமின் சி உண்டு. வறுத்த பிறகும் அதில் கொஞ்சம் மிஞ்சுகிறது. தினமும் இரண்டு சிறு பாக்கெட், அதாவது 50 கிராம் அளவுக்குச் சாப்பிட்டால் சுமார் 8 முதல் 10 மில்லிகிராம் கிடைக்கலாம். கதிர் வயதுக்கு நம் நாட்டில் பரிந்துரைக்கும் அளவு 35 மில்லிகிராம். ஆனாலும் ஸ்கர்வி வராமல் தடுக்க 10 மில்லிகிராம் அளவே போதும். மார்ச்சில் சாத்துக்குடி போன பிறகு அந்தக் குழந்தையைத் தாங்கி நின்றது எல்லோரும் திட்டிய சிப்ஸ்தான். அதுவும் ஜூனில் போனது. வைட்டமின் சி ஏறக்குறைய நின்றுபோனால் ஒன்று முதல் மூன்று மாதத்தில் ஸ்கர்வி தலைகாட்டும். செப்டம்பரில் கால் வலித்தது. பட்டியலில் மாதம் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

இனி முதல் பத்தி. அங்கே 'தோசை' என்று மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும். கதிரின் தோசை மெல்லியது, முறுகலானது, சட்னி சாம்பார் படாதது. அம்மா அல்லது பாட்டி சுட்டால் உண்டு, ஓட்டல் தோசை கிடையாது. பால் நீல டம்ளரில், சர்க்கரையோடு, வெதுவெதுப்பாக. பிஸ்கட்டுக்குக் கம்பெனிப் பெயர் எழுத வேண்டும். உறையின் நிறம் மாறியதற்காகவே ஒரு பிஸ்கட்டை அடியோடு நிறுத்திய குழந்தைகள் உண்டு. கம்பெனிப் பெயருக்கு இன்னொரு பயனும் இருக்கிறது: உறையின் பின்பக்கத்தைப் பார்த்தால் அதில் இரும்போ வைட்டமினோ சேர்த்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

அளவுக்கு மூன்று நாள் கணக்குப் போதும். இரண்டு பள்ளி நாள், ஒரு விடுமுறை நாள். தட்டில் வைத்ததை அல்ல, வாய்க்குள் போனதை எழுத வேண்டும். மூன்று கரண்டி சோறு போட்டு ஒன்றரை மிஞ்சினால் கணக்கு ஒன்றரைதான். நாளைக்கு ஆறு தோசை என்று கதிரின் அம்மா முதலில் சொன்னார். மிச்சத்தைப் பார்த்து எழுதத் தொடங்கியதும் அது நாலாகிவிட்டது. குடிப்பதையும் டம்ளர் கணக்கில் எழுதுங்கள். உணவல்லாதது வாய்க்குள் போனாலும் எழுதுங்கள். பல்பம், மண், சுவர்ச் சுண்ணாம்பு, பச்சரிசி, எதுவானாலும் மறைக்க வேண்டாம். இரும்புச்சத்து குறைந்த குழந்தைகள் இவற்றைத் தேடித் தின்பது உண்டு. சுண்ணாம்பிலும் மண்ணிலும் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் மருத்துவருக்கு அது தனித் தகவல்.

இந்தக் கணக்கிலிருந்து ஓட்டை எங்கே என்று பார்ப்பது கடினமல்ல. கதிர் நாளைக்கு மூன்று டம்ளர், அதாவது 600 மில்லி பால் குடிக்கிறான். கால்சியம் 700 மில்லிகிராம் வந்துவிடுகிறது, தேவை 550. பி12-ம் அந்தப் பாலிலேயே போதுமான அளவு கிடைக்கிறது. புரதமும் தோசை உளுந்தோடு சேர்ந்து சரியாகிவிடுகிறது. ஆனால் பாலில் இரும்பு இல்லை என்றே சொல்லலாம். மற்ற நாலையும் கூட்டினால் இரும்பு மூன்று நாலு மில்லிகிராமைத் தாண்டவில்லை, தேவை 11. பால் மிகுதியாகப் போனால், கிடைக்கும் இரும்பும் உடலில் ஒழுங்காகச் சேராது. வைட்டமின் சி பூஜ்யத்துக்குப் பக்கம். ஆக இரண்டு ஓட்டைகள்: சி, இரும்பு. நார்ச்சத்து மூன்றாவது. நாலு நாளைக்கு ஒருமுறை மலம் கழிக்கும் குழந்தைக்குப் பசியே எடுக்காது. அதனால் மலம் கழித்த நாளையும் அதே நோட்டில் எழுதச் சொல்கிறேன்.

அதே குழந்தைக்குப் பாலை நிறுத்திப் பாருங்கள். ஓட்டைகள் அப்படியே இடம் மாறும். கால்சியமும் பி12-ம் ஒரே நாளில் சரியும். ஆட்டிசத்துக்குப் பாலையும் கோதுமையையும் நிறுத்தச் சொல்பவர்கள் இன்று ஏராளம். அதனால் ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகள் மாறும் என்பதற்குத் திடமான சான்று இல்லை. ஐந்து உணவில் இரண்டை எடுத்துவிட்டால் மிச்சம் மூன்று என்பது மட்டும் நிச்சயம். பால் ஒவ்வாமை பரிசோதனையில் உறுதியானாலொழிய இந்தக் குழந்தைகளிடம் பாலில் கை வைக்கக் கூடாது என்பது என் திடமான கருத்து.

இரத்தப் பரிசோதனை தேவைதான். ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் டி, பி12 ஆகியவற்றை எந்த ஊரிலும் பார்த்துவிடலாம். வைட்டமின் சி-க்கான பரிசோதனை எல்லா இடத்திலும் கிடைக்காது. முந்தின நாள் யாரோ ஒரு சுளை ஆரஞ்சு ஊட்டியிருந்தாலும் முடிவு மாறிவிடும். அதனால் ஸ்கர்வியில் உணவுப் பட்டியலும் ஈறும் தோலும் எக்ஸ்ரேயும்தான் பெரிய சாட்சிகள். கதிரின் ஈறு ஊதா நிறத்தில் வீங்கியிருந்தது. கால் மயிர்க்கால்களைச் சுற்றி சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். பல் தேய்க்கும்போது இரத்தம் வந்ததை, பிரஷ் குத்தியிருக்கும் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள்.

சிகிச்சை மிக எளிது. மருத்துவர் சொன்ன அளவில் வைட்டமின் சி கொடுத்தால் வலி சில நாட்களிலேயே இறங்கும். கடினம் வேறிடத்தில் இருக்கிறது: அதை எப்படி உள்ளே அனுப்புவது? கைக்கு முதலில் வருவது பால் டம்ளர். அதில் கலந்துவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். இந்தக் குழந்தைகளின் நாக்கு ஒரு சொட்டு வேறுபாட்டையும் பிடித்துவிடும். பிடித்துவிட்டால், போவது மருந்து மட்டுமல்ல, பாலும் சேர்ந்தே போகும். அப்புறம் மூன்றாவது பத்தியில் 'பால்' என்று எழுத வேண்டிவரும். சொட்டு மருந்தை மருந்தாகவே, அதற்கென்று ஒரு நேரம், அதற்கென்று ஒரு சிறு கரண்டி வைத்து, முதல் நாள் ஒரே ஒரு சொட்டில் தொடங்கி ஏற்றிக்கொண்டு போவது நல்லது. கதிருக்கு முழு அளவை எட்ட ஒன்பது நாள் ஆனது. நடக்கவே முடியாத நிலையில் அவ்வளவு நாள் பொறுக்க முடியாவிட்டால் மருத்துவமனையில் ஊசி வழியாகக் கொடுப்பார்கள். இரும்பும் வைட்டமின் ஏ, டி-யும் கூடினால் கெடுதல். அவற்றை நீங்களாக வாங்கி ஊற்றாதீர்கள், இரும்பு மருந்தைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

புதிய உணவைச் சேர்ப்பதற்கும் முதல் பத்திதான் வழிகாட்டி. கதிர் சாப்பிடுபவற்றில் பெரும்பாலானவை வெளிர் நிறம், உலர்ந்தவை, கடித்தால் நொறுங்குபவை. அவனிடம் கீரைக் கூட்டை நீட்டுவதில் பயனில்லை. முதலில் அதே சிப்ஸ் திரும்பி வந்தது. பிறகு வீட்டில் மெலிதாகச் சீவிப் பொரித்த உருளைக்கிழங்கு, தனித் தட்டில், தோசையைத் தொடாமல். ஒரு துண்டைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வைத்த நாளையும் அம்மா இரண்டாவது பத்தியில் தேதியோடு குறித்தார்.

உங்கள் வீட்டிலோ தெரிந்த வீட்டிலோ இப்படி ஒரு குழந்தை இருந்தால், அந்த மூன்று பத்தியை இன்றே போடுங்கள். கடைசியாக விட்ட உணவுக்குப் பக்கத்தில் மாதத்தை எழுதுங்கள். குழந்தை நொண்டினாலோ, நடக்க மறுத்தாலோ, ஈறில் இரத்தம் கண்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அவர் கேட்காவிட்டாலும் அந்த நோட்டை அவர் மேசையில் விரித்து வையுங்கள்.