‘வந்துவிட்டேன்’ என்று மட்டும் எழுதியதால் தவறிய கப்பல்

பத்து வார மருத்துவ விடுப்புக்குப் பிறகு வேலைக்குத் திரும்பிய அன்று காலை, எங்கள் குழுவினர் அனைவருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றே வரிகள். “நான் திரும்பி வந்துவிட்டேன். என் வேலைகளைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் நன்றி. எதுவாக இருந்தாலும் தயங்காமல் என்னைத் தொடர்புகொள்ளுங்கள்.” உடனே பத்துப் பன்னிரண்டு பேர் சிரிப்புப் படங்களுடன் பதில் போட்டார்கள். எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. நான்காம் நாள் அந்த மூன்று வரிகளால் ஒரு கொள்கலன் கப்பலேறாமல் துறைமுகத்தில் நின்றுவிட்டது.

சிங்கப்பூரில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்பு முடிந்து சேர்ந்த முதல் வேலை. முதுகுத்தண்டில் ஒரு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தியதால் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். ஜனவரி 6 முதல் மார்ச் 14 வரை விடுப்பு. மார்ச் 17, திங்கட்கிழமை திரும்பினேன். ஆனால் முழு நாளுக்கு அல்ல. முதல் ஆறு வாரங்களுக்குக் காலை 9 முதல் பிற்பகல் 1 மணி வரை மட்டுமே வேலை, தொடர்ந்து நாற்பது நிமிடத்துக்கு மேல் உட்காரக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது என்பது மருத்துவர் கடிதத்தில் இருந்தது. மேலாளருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் அது தெரியும். குழுவில் மற்றவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. ‘பாதி நாள்’ என்று எழுத வெட்கமாக இருந்தது என்பதுதான் உண்மை.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். ஏற்றுமதிக் கொள்கலன் எதுவும் சரிபார்க்கப்பட்ட மொத்த எடை தெரிவிக்கப்படாமல் கப்பலில் ஏறக்கூடாது. 2016 ஜூலை 1 முதல் இது உலகம் முழுவதற்கும் உள்ள விதி. ஒவ்வொரு கப்பலுக்கும் அந்த எடையைக் கொடுக்கக் கடைசி நேரம் ஒன்று உண்டு. அன்றைய கப்பலுக்கு மாலை 5 மணி. ஜூரோங்கில் இருக்கும் எங்கள் வாடிக்கையாளர் பிற்பகல் 2.10க்கு எடை விவரத்தை எனக்கு, எனக்கு மட்டும், அனுப்பினார். அப்போது நான் இயன்மருத்துவரின் அறையில் குப்புறப் படுத்திருந்தேன். கைப்பேசி பைக்குள் இருந்தது. மறுநாள் காலை 9 மணிக்குத்தான் பார்த்தேன். கொள்கலன் அடுத்த வாரக் கப்பலுக்குத் தள்ளிப்போயிருந்தது.

பத்து வாரங்களாக அந்த வாடிக்கையாளரைக் கவனித்துவந்தவர் என் பக்கத்து மேசையில் இருக்கும் சீனத் தோழி. “எப்போதும் எனக்குத்தானே அனுப்புவீர்கள்?” என்று அவர் தொலைபேசியில் கேட்டபோது, “அவர் திரும்பி வந்துவிட்டதாக உங்கள் விற்பனைப் பிரிவில் சொன்னார்களே” என்று பதில் வந்தது. தோழி என்னைத் திட்டவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது. கிடங்கில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர்தான் மனத்தில் பட்டதைச் சொன்னார்: “என்னம்மா, வந்துட்டேன்னு சொன்னே. எத யாருகிட்ட அனுப்பணும்னு சொல்லலையே!”

நான் அதுவரை அந்த மின்னஞ்சலை ஒரு வணக்கம் என்று நினைத்திருந்தேன். படிப்பவர்களோ அதை ஒரு வழிகாட்டிப் பலகையாக எடுத்துக்கொண்டார்கள். நான் இல்லாத பத்து வாரத்தில் எல்லோரும் கஷ்டப்பட்டு ஒரு புதிய பாதைக்குப் பழகியிருந்தார்கள். ‘வந்துவிட்டேன்’ என்ற ஒரே சொல்லில் அந்தப் பாதையை மூடிவிட்டேன். பழைய பாதையோ பிற்பகல் 1 மணிக்கு மேல் திறந்திருக்கவில்லை.

இரண்டாவது மின்னஞ்சலை உடனே எழுதவில்லை. முதலில் மேலாளரிடம் பேசினேன். பாதி நாளில் எந்த வேலை அடங்கும் என்று இருவரும் பார்த்தோம். மாலையில் கடைசி நேரம் உள்ள எந்த வேலையும் எனக்கு வேண்டாம் என்று அவரே சொன்னார். விலைப்பட்டியல் சரிபார்ப்பு, தவறிருந்தால் மறுநாள் திருத்தலாம். அது எனக்கு. எடை விவரமும் கப்பல் ஆவணங்களும் நேரத்தோடு கட்டப்பட்டவை. அவை தோழிக்கு.

அதன்பிறகு தோழியிடம் போனேன். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். ‘இனி இதற்கு இன்னாரைக் கேளுங்கள்’ என்று எழுதுவது எளிது. அந்த இன்னாருக்கு அது குழு மின்னஞ்சல் வழியாகத்தான் தெரியவந்தால், அது வேலைப் பகிர்வு அல்ல, வேலைத் திணிப்பு. தோழி இரண்டு நிபந்தனைகள் வைத்தார். ஆறு வாரம் என்றால் அந்தக் கடைசித் தேதி மின்னஞ்சலில் இருக்கவேண்டும். வேலை அவருடைய சொந்த முகவரிக்கு வராமல் பிரிவின் பொது முகவரிக்கு வரவேண்டும். அவருக்கும் ஒரு நாள் காய்ச்சல் வரலாம் அல்லவா?

மூன்றாவது வேலை, குவிந்து கிடந்த அஞ்சல்கள். விடுப்பில் இருந்தபோது வந்தவை 1,800க்கு மேல். முதல் வாரம் அவற்றைப் படிப்பதற்காகவே மாலை 6 மணி வரை உட்கார்ந்து, இரவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். படிக்கப்போவதில்லை என்று எழுதிவிட முடிவு செய்தேன். ஆனால் அந்த வரியைச் சும்மா எழுதிவிட முடியாது. நானும் தோழியும் நாற்பது நிமிடம் செலவிட்டு, வாடிக்கையாளர் பெயர்களைப் போட்டுத் தேடி, யாருக்காவது பதில் போகாமல் இருக்கிறதா என்று பார்த்தோம். மூன்று கிடைத்தன. மூன்றுக்கும் அன்றே பதில் அனுப்பினோம்.

அடுத்த திங்கட்கிழமை போன மின்னஞ்சல் இது. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்.

“தலைப்பு: ஏப்ரல் 25 வரை பாதி நாள் வேலை – எதை யாருக்கு அனுப்புவது

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் நான் அனுப்பிய மின்னஞ்சலில் முக்கியமான விவரங்கள் விடுபட்டுவிட்டன. அதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 25 வரை, திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 முதல் பிற்பகல் 1 மணி வரை வேலையில் இருப்பேன். 1 மணிக்குப் பிறகு அஞ்சலோ குறுஞ்செய்தியோ பார்க்கமாட்டேன். கூட்டங்களை 12 மணிக்குள் வைத்தால் வருவேன். இடையில் எழுந்து நிற்பேன், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விலைப்பட்டியல் சரிபார்ப்பை மட்டும் எனக்கு அனுப்புங்கள். மறுநாள் நண்பகலுக்குள் பதில் வரும்.

எடை விவரம், கப்பல் ஆவணங்கள், அன்றே முடிக்கவேண்டிய எதுவும் பிரிவின் பொது முகவரிக்கு. என்னைப் படியில் சேர்க்க வேண்டாம்.

ஜனவரி 6 முதல் மார்ச் 14 வரை வந்த அஞ்சல்களை நான் படிக்கப்போவதில்லை. இன்னும் முடியாத விஷயம் இருந்தால் மார்ச் 28க்குள் மீண்டும் அனுப்புங்கள்.

ஏப்ரல் 25 அன்று, அதன் பிறகு என்ன என்று எழுதுகிறேன்.”

நன்றி சொல்லும் வரி இதில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தோழிக்கான நன்றியை நேரில் சொன்னேன், மதிய உணவோடு. நோயின் பெயரும் இல்லை. என்ன நோய் என்று குழுவுக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை. நான் எப்போது இருப்பேன், எதைச் செய்வேன் என்பது தெரிந்தால் போதும். நோயைப் பற்றி எழுதினால் வரும் பதில்கள் எல்லாம் நோயைப் பற்றித்தான் இருக்கும். ‘என் மாமாவுக்கும் இப்படித்தான்’ என்று தொடங்கும் அஞ்சல்களுக்கு நடுவே பொது முகவரி காணாமல் போய்விடும்.

‘படியில் சேர்க்க வேண்டாம்’ என்ற வரிக்குத்தான் எதிர்ப்பு வந்தது. இருவருக்கும் அனுப்பினால் பாதுகாப்புதானே என்று விற்பனைப் பிரிவில் கேட்டார்கள். இருவருக்கும் வரும் அஞ்சலை, மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருவருமே விட்டுவிடுவது உண்டு. விடுப்புக்கு முன்பே அது எங்களுக்கு நடந்திருக்கிறது. வாடிக்கையாளர்களுக்கோ நான் எதுவும் எழுதவில்லை. தோழிதான் தன் பெயரில் எழுதினார். அவர்கள் யாரை நாடவேண்டுமோ அவரிடமிருந்தே அஞ்சல் வந்தால் குழப்பம் இல்லை.

மின்னஞ்சல் போனவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. நாள்காட்டியில் 1 மணிக்கு மேல் அடைத்து வைத்தேன். அப்படியும் 3 மணிக் கூட்டங்களுக்கு அழைப்பு வந்தது. ஜூரோங் வாடிக்கையாளர் ஒரு நாள் காலை 10 மணிக்கு எடை விவரத்தை மறுபடியும் எனக்கே அனுப்பினார். நான் இருந்தேன். இரண்டு நிமிட வேலை. செய்துவிடலாமா என்று கை பரபரத்தது. செய்திருந்தால் அடுத்த முறை பிற்பகல் 2 மணிக்கும் எனக்கே அனுப்பியிருப்பார். பொது முகவரிக்குத் திருப்பிவிட்டு, அவரையும் அதில் சேர்த்து, ‘இதை என் தோழி கவனிக்கிறார்’ என்று ஒரே வரி எழுதினேன். அதற்குப் பிறகு அவர் மாற்றி அனுப்பவில்லை.

இதை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது, பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் தம்பி சிரித்தான். டெங்கி வந்து மூன்று வாரம் கழித்துத் திரும்பியபோது, குழுப் பணிக்கான வாட்ஸ்அப்பில் ‘ஐயம் பேக்’ என்று மட்டும் போட்டானாம். அவன் பகுதியை ஏற்கெனவே செய்து முடித்திருந்த நண்பன், அவன் புதிதாகச் செய்வான் என்று நினைத்துத் தன்னுடையதை நீக்கிவிட்டான். இவனோ, அது முடிந்துவிட்டது என்று நினைத்து உட்கார்ந்திருந்தான். “ஒரு வரி கூடப் போட்டிருந்தா போதும்க்கா” என்றான்.

ஏப்ரல் 25 அன்று மூன்றாவது மின்னஞ்சலை அனுப்பினேன். மே முதல் வாரத்திலிருந்து முழு நாள். கப்பல் ஆவணங்கள் எனக்குத் திரும்பின. ஜூரோங் வாடிக்கையாளரை மட்டும் தோழியே வைத்துக்கொண்டார். அவர்தான் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டாராம். என் வேலையாக இருந்ததை இன்னொருவர் பெயரில் எழுதியபோது கொஞ்சம் உறுத்தியது. இருந்தாலும் தலைப்பிலேயே எழுதினேன்: ‘மே முதல் முழு நாள் – ஜூரோங் தவிர.’