கதவில் நசிபட்ட விரல்: நகம் கறுத்தால் என்ன செய்வது?

தகரம் அடித்த கதவுகளுக்குப் பெரும்பாலும் கொளுக்கி இருப்பதில்லை. சோளகக் காற்று வீசும் நாட்களில் அவை தாமாகவே அடித்துச் சாத்தும். அந்த நேரத்தில் நிலையில் கைவைத்திருப்பவரின் விரல் நசிந்துவிடுகிறது. சிறு பிள்ளைகளின் விரல் பிணைச்சல் பக்கத்து இடுக்கில் அகப்படுவதும் உண்டு. சிறிது நேரத்தில் நகம் ஊதா நிறமாகிப் பின்னர் கறுத்துவிடும். அன்றிரவு வலி தாங்க முடியாததாக இருக்கும். நகம் கறுத்ததைக் கண்டு பயந்து அதைப் பிடுங்க நினைப்போரும் உளர். வெறும் கண்டல்தானே என்று விரல் எலும்பு முறிந்ததைக் கவனியாது விடுவோரும் உளர். இவ்விரண்டுக்கும் இடையில் சரியான வழி எது என்பதை இங்கு பார்ப்போம்.

ஏன் இவ்வளவு வலி?

நகத்துக்குக் கீழே மெல்லிய சதைப்படுக்கை ஒன்று உண்டு. அதில் நுண்ணிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்துள்ளன. விரல் நசியும்போது அக்குழாய்கள் உடைந்து இரத்தம் கசிகிறது. கையிலோ காலிலோ கண்டினால் தோல் வீங்கி இடம் கொடுக்கும். ஆனால் இங்கே மேலே கடினமான நகம், கீழே எலும்பு. கசிந்த இரத்தத்துக்குப் போக வழியில்லை. ஆகவே அது சதைப்படுக்கையை அழுத்துகிறது. நாடி துடிக்கும் ஒவ்வொரு தடவையும் விண் விண்ணென்று வலிப்பது இதனால்தான். கறுப்பு நிறம் என்பது அடைபட்ட இரத்தத்தின் நிறமேயன்றி விரல் அழுகியதன் அடையாளம் அல்ல.

இதிலிருந்து ஒரு முக்கியமான விடயம் விளங்கும். என்ன செய்வது என்று முடிவெடுக்கும்போது நகத்தின் நிறத்தைப் பார்க்கக் கூடாது. வலியைப் பார்க்க வேண்டும். நகம் முழுவதும் கறுத்திருந்தும் வலி குறைவாக இருந்தால் நகத்துக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. பாதி நகமே கறுத்திருந்தும் நித்திரை கொள்ள முடியாத வலி இருந்தால், உள்ளே அடைபட்ட இரத்தத்தை வெளியேற்ற வேண்டியிருக்கும்.

முதல் அரை மணி நேரம்

விரல் நசிந்தவுடன் அந்தக் கையில் மோதிரம் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். வீங்கிய பின்னர் கழற்றுவது கடினம். பின்பு குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் விரலில் சுற்றி வையுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் பொதிந்து வையுங்கள். நேரே தோலில் வைக்க வேண்டாம். கையை நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைத்திருந்தால் கசியும் இரத்தம் குறையும், துடிப்பும் குறையும். படுக்கும்போது ஒரு தலையணையின் மேல் கையை வைக்கலாம்.

எண்ணெய் காய்ச்சிப் பூசி உருவுவதும், சூடான ஒத்தடம் கொடுப்பதும் அன்றைய நாளில் கூடாது. சூடும் உருவுதலும் இரத்தக் கசிவைக் கூட்டும். தோல் கிழிந்திருந்தால் சாம்பல், சாணம், கோப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். சவர்க்காரமும் சுத்தமான நீரும் கொண்டு கழுவிச் சுத்தமான துணியால் கட்டினால் போதும்.

வலிக்குப் பரசிற்றமோல் நல்லது. வளர்ந்தவர்கள் 500 மில்லிகிராம் குளிசை இரண்டு எடுக்கலாம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்தால் போதும். ஒரு நாளில் எட்டுக் குளிசைக்கு மேல் கூடாது. ஈரல் நோய் உள்ளவர்களும் உடல் மிக மெலிந்தவர்களும் அளவை வைத்தியரிடம் கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கு அளவு நிறையைப் பொறுத்தது. மருந்து கொடுப்பவரிடம் கேட்டே கொடுங்கள். அஸ்பிரின் இரத்தக் கசிவைக் கூட்டும் ஆகையால் அதைத் தவிருங்கள்.

வைத்தியசாலையில் நடப்பது என்ன?

ஒரு தாயை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மாலை ஆறு மணிக்கு அவரது வலது நடுவிரல் கதவில் நசிந்தது. ஏழு மணிக்கு நகத்தின் அடிப்பாதி ஊதாவாகியது. இரவு பத்து மணிக்கு முழு நகமும் கறுத்து, குளிசை எடுத்தும் நித்திரை இல்லை. அவர் செய்ய வேண்டியது, விடிந்ததும் அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போவதே. அரசாங்க வைத்தியசாலையில் இதற்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் பிந்தக் கூடாது. இரண்டு நாட்களுக்குள் போனால் உள்ளிருக்கும் இரத்தம் பெரும்பாலும் இன்னும் நீராகவே இருக்கும். அதற்குப் பின்னர் அது உறைந்துவிடுவதால் துளையிட்டாலும் அதிகம் வெளியே வராது.

வைத்தியர் முதலில் விரல் நுனியை மடக்கி நீட்டச் சொல்வார். நகத்தின் விளிம்புகள் இடத்தில் இருக்கின்றனவா, விரல் கோணியிருக்கிறதா, நுனியில் உணர்ச்சி உண்டா என்று பார்ப்பார். எலும்பில் சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே எடுப்பார். இந்தத் தாய்க்கு இவை எல்லாம் சரியாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். அடுத்து நகத்தைச் சுத்திகரித்து, கறுத்த இடத்தின் நடுவில் ஒரு சிறு துளை இடப்படும். சூடேறிய நுண்முனைக் கருவியால் அல்லது தடித்த ஊசியை விரல்களிடையே மெதுவாக உருட்டி இதைச் செய்வார்கள். நகத்துக்கு உணர்ச்சி இல்லை. ஆகையால் துளையிடுவதில் வலி மிகக் குறைவு. முனை நகத்தைக் கடந்தவுடன் கருமையான இரத்தம் துளித்துளியாக வெளியேறும். சில நிமிடங்களிலேயே வலி தணியும்.

பெரிய பகுதி கறுத்திருந்தால் முன்னர் நகத்தை முழுவதும் கழற்றிப் பார்ப்பது வழக்கமாக இருந்தது. நகமும் அதன் விளிம்புகளும் குலையாமல் இருந்தால் துளை மட்டுமே போதும் என்பது இப்போது தெளிவாகியுள்ளது. ஆகவே நகத்தைக் கழற்றவில்லையே என்று கவலைப்படத் தேவையில்லை.

இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். நாம் முறையை விளக்குவது, அங்கே என்ன நடக்கும் என்று நீங்கள் பயமின்றி அறிந்திருப்பதற்கே. குண்டூசியை நகத்தின் நுனிப்பக்கமாக உள்ளே செலுத்தினால் சதைப்படுக்கை கிழியும். மேலிருந்து அழுத்திக் குத்தினால் ஊசி சட்டென்று உள்ளே பாயும். கீழே எலும்பு முறிந்திருந்தால் கிருமி எலும்புவரை செல்லும். அப்படி வந்த நோயைக் குணமாக்க நெடுநாள் எடுக்கும்.

எப்போது உடனே போக வேண்டும்?

சில அறிகுறிகள் இருந்தால் வலியின் அளவைப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. விரல் நுனியைத் தானாக நீட்ட முடியாமல் தொங்குவது, விரல் கோணியிருப்பது, நகம் பிளந்திருப்பது, நகத்தின் அடி தோலின் மடிப்பிலிருந்து வெளியே வந்திருப்பது, இரத்தம் நிற்காதிருப்பது ஆகியவை அவை. பிள்ளைகளில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். நசிந்த விரலின் நகம் மற்றக் கையின் அதே விரல் நகத்தை விட நீளமாகத் தெரிந்தால், எலும்பின் வளரும் பகுதி முறிந்து நகத்தின் அடி மேலே வந்திருக்கலாம். அது அவசரமாகப் பார்க்க வேண்டிய காயம்.

நீரிழிவு உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களும் சிறு காயமானாலும் காட்டிவிடுவது நல்லது. தோல் கிழிந்திருந்தால் ஏற்புவலித் தடுப்பூசி கடைசியாக எப்போது போடப்பட்டது என்று சொல்லுங்கள். இடம்பெயர்வில் தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். தேவையானதை அவர்கள் தீர்மானிப்பார்கள்.

வயல் வேலைக்கு எப்போது?

துளையிட்ட நகம் ஒரு திறந்த வாசல். ஓரிரு நாட்களுக்கு அதிலிருந்து சிறிது கசியும். அந்தக் கட்டை உலர்வாக வைத்து, நனைந்தால் மாற்றுங்கள். விரலை நீரில் ஊறவிட வேண்டாம். வயற்சேற்றில் இறங்குவோருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் புண்ணில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். ஆகவே துளை அடைபட்டு, தோலின் கீறல்கள் ஆறும்வரை நாற்று நடுவதையும் வாய்க்கால் வெட்டுவதையும் வீட்டில் வேறொருவர் பார்க்கட்டும். சேற்று வேலைக்குப் பின் காய்ச்சலும் கெண்டைக்கால் சதை வலியும் வந்தால், கையில் காயம் இருந்ததையும் வயலில் இறங்கியதையும் வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

முதல் இரண்டு நாட்களில் குறைந்த வலி மூன்றாம் நான்காம் நாளில் மீண்டும் கூடினால் கிருமி புகுந்திருக்கலாம். நகத்தைச் சுற்றிச் சிவப்பு, சூடு, சீழ், கையில் மேலேறும் சிவப்புக் கோடு, காய்ச்சல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே போங்கள்.

கறுத்த நகம் விழுமா?

சில வாரங்களில் பழைய நகம் தளர்ந்து விழலாம். அதை இழுக்க வேண்டாம். அது கீழே உள்ள மென்மையான படுக்கைக்கு மூடியாக இருக்கிறது. துணியில் மாட்டும் விளிம்பை மட்டும் வெட்டி, மேலே ஒரு மெல்லிய துணி சுற்றுங்கள். புதிய நகம் அடியிலிருந்து தள்ளிக்கொண்டு வரும்.

கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளரும். நாம் சொன்ன தாயின் நகம் விழாமல் நின்றதாகவும், வலி தணிந்த பின் கறுப்பின் அடிவிளிம்பு தோல்மடிப்பிலிருந்து 2 மில்லிமீற்றர் தள்ளி இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் அது 5 மில்லிமீற்றர் அளவிலும், இரண்டு மாதத்தில் 8 மில்லிமீற்றர் அளவிலும் இருக்கும். நகம் முழுவதும் புதிதாக ஏறக்குறைய ஆறு மாதம் எடுக்கும். கால் பெருவிரலாயின் ஒரு வருடத்துக்கு மேலாகும்.

இந்த நகர்வு நமக்கு ஓர் அளவுகோலும் ஆகும். இரத்தக் கறை நகத்தோடு சேர்ந்து நுனியை நோக்கிப் போகும். அதன் பின்னால் சுத்தமான நகம் தெரியும். அவ்வாறு நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் கறுப்பும், அடியிலிருந்து நுனிவரை கோடாக ஓடி அகலமாகிக்கொண்டு வரும் கறுப்பும், அடிபடாமலே தோன்றிய கறுப்பும் வேறு விடயம். அது தோற்புற்றுநோயின் ஒரு வகையாகவும் இருக்கலாம். ஆகவே முதல் நாளிலேயே கறுப்பின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். நகர்ந்திருந்தால் கவலையில்லை. நகராவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.